ஆம்பூர்த் தோலும் மூன்று கேள்விகளும்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் படியுங்கள்.

பிளஸ் ஒன் பொருளாதாரப் புத்தகத்தில் ஒரு படம் வரும். இடமிருந்து வலமாகக் கீழே இறங்கும் ஒரு கோடு, மேலே ஏறும் ஒரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு புள்ளி. இறங்குவது தேவைக் கோடு, ஏறுவது அளிப்புக் கோடு, புள்ளி சமநிலை விலை. பிள்ளைகள் ஸ்கேல் வைத்து அழகாக வரைந்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். "இந்தக் கோடு ஏன் இங்கேயிருந்து அங்கே போச்சு?" என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

நான் பொருளாதாரப் பட்டதாரி இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, கீழ் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். ஆனால் தோல் வாசனை அடிக்கும் ஊர்ப் பக்கத்தில் வாழ்க்கை முழுக்க இருந்தாயிற்று. அந்தப் படத்தைப் புரிந்துகொள்ள நம் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு தோல் தொழிலைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது என்பது என் எண்ணம்.

எந்தப் பொருளாதாரப் படத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எது நகர்ந்தது? ஏன் நகர்ந்தது? எதை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள்? முதல் இரண்டைப் பல பேர் கேட்டுவிடுவார்கள். மூன்றாவதைக் கேட்பவர்கள் குறைவு. ஒரு மாற்றத்தின் சுமை யார் தலையில் இறங்கியது என்பது அந்த மூன்றாவது கேள்வியில்தான் ஒளிந்திருக்கிறது. நம் ஊர் வரலாற்றை வைத்தே பார்த்துவிடலாம்.

பக்ரீத் வாரத்துத் தோல்

எளிமையான ஒன்றிலிருந்து தொடங்குவோம். பக்ரீத்துக்கு மூன்று நாள் குர்பானி. சாதாரண வாரத்தில் வருவதைப்போல் பல மடங்கு ஆட்டுத்தோல் ஒரே நேரத்தில் தோல் மண்டிக்கு வந்து சேரும். உரித்த தோல் காத்திருக்காது. சில மணி நேரத்துக்குள் உப்புப் போடாவிட்டால் மயிர் கழன்று அழுக ஆரம்பித்துவிடும். ஆகவே கொண்டுவந்தவர் "நல்ல விலை வரட்டும், அப்புறம் கொடுக்கிறேன்" என்று வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. விலை இறங்கும்.

எது நகர்ந்தது? அளிப்புக் கோடு வலது பக்கம் போனது. ஏன்? பண்டிகை. எது அசையாமல் இருந்தது? தோல் வாங்கும் டேனரிக்காரரின் தேவைக் கோடு. அவருடைய ஆர்டர், குழி, ஆள் எல்லாம் போன வாரம் இருந்தபடியேதான் இருக்கின்றன. அளிப்புக் கோடு நகர்ந்ததால், வெட்டும் புள்ளி தேவைக் கோட்டின் மேலேயே சறுக்கிக் கீழே வந்தது. விலை குறைந்தது, அளவு கூடியது.

இதிலிருந்து ஒரு அடையாளம் கிடைக்கிறது. விலையும் அளவும் எதிரெதிர்த் திசையில் போனால் பெரும்பாலும் நகர்ந்தது அளிப்பு. இரண்டும் ஒரே திசையில் போனால் பெரும்பாலும் நகர்ந்தது தேவை. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்து ராணுவத்தின் பூட்ஸ் மேல்பகுதிக்கு, சென்னை மாகாணத்தில் ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல் ஏராளமாகத் தேவைப்பட்டது. விலையும் ஏறியது, பதனிட்ட தோலின் அளவும் ஏறியது. அது தேவைக் கோடு வலப்பக்கம் நகர்ந்த கதை.

"பெரும்பாலும்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு கோடும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் புள்ளிகளை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ஹென்றி மூர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1914இல் வார்ப்பிரும்பின் விலை, விற்பனைப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டார். கோடு மேல்நோக்கி ஏறியது. விலை ஏற ஏறத் தேவையும் ஏறும் புதுவகைத் தேவைக் கோட்டைக் கண்டுபிடித்துவிட்டதாக அவர் எழுதினார். அவர் பார்த்தது தேவைக் கோடே இல்லை. தொழில் சுறுசுறுப்பாகும்போதும் மந்தமாகும்போதும் தேவை முன்னும் பின்னும் நகர, புள்ளிகள் அளிப்புக் கோட்டின் மேல் பதிந்துவிட்டன. எது நகர்ந்தது என்று கேட்காமல் புள்ளிகளை இணைத்தால் பேராசிரியருக்கும் இதுதான் கதி.

தோலுக்காக யாரும் மாடு அறுப்பதில்லை

இந்தப் படத்தை உலகம் முழுக்கப் பாடமாக்கியவர் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஆல்ஃபிரட் மார்ஷல். அவருடைய பொருளாதாரக் கோட்பாடுகள் நூல் 1890இல் வந்தது. "மற்றவை மாறாதிருக்கும்போது" என்று நம் புத்தகங்களில் அடிக்கடி வரும் தொடரைப் பழக்கத்தில் நிலைநிறுத்தியவரும் அவர்தான். உலகத்தில் எல்லாமே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு அசைகின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க நம்மால் ஆகாது. ஆகவே ஒன்றை மட்டும் அசைய விட்டு, மற்றதைத் தற்காலிகமாகக் கட்டிப் போட்டுவிட்டுப் பார்க்கிறோம். தற்காலிகமாக என்பதுதான் முக்கியம். பிறகு ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட வேண்டும்.

அதே நூலில், ஒன்றோடொன்று சேர்ந்தே பிறக்கும் பொருள்களுக்கு மார்ஷல் சொன்ன உதாரணங்களில் ஒன்று மாட்டிறைச்சியும் தோலும். இது நம் தொழிலின் அடிப்படை. தோலுக்காக யாரும் ஆடு மாடு அறுப்பதில்லை. கறி எவ்வளவு விற்கிறதோ அவ்வளவு தோல்தான் வரும். தோல் விலை இரட்டிப்பானாலும் ஆம்பூரில் பிரியாணி சாப்பிடுகிறவர் இரண்டு தட்டு சாப்பிடப் போவதில்லை. தோல் விலை பாதியானாலும் கசாப்புக் கடையை மூடப் போவதில்லை. ஆகவே பச்சைத் தோலின் அளிப்புக் கோட்டைக் கிட்டத்தட்ட செங்குத்தாக வரைய வேண்டும். சாய்வாக வரைந்தால் அது புத்தகத்துக் கோடு, நம் ஊர்க் கோடு இல்லை.

கோடு செங்குத்தாக இருப்பதால் என்ன வரும்? வாங்குபவர் பக்கம் எது அசைந்தாலும் தோலின் அளவு மாறாது, விலைதான் முழு அடியையும் வாங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு 1919க்கு வாருங்கள்.

1919: பதினைந்து சதவீதம் யாருடைய பையிலிருந்து?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் குரோம் பதனிடுதல் வந்தது. ஆவாரம் பட்டையில் வாரக்கணக்கில் ஊறுகிற வேலையை அது நாள் கணக்கில் முடித்தது. பிலடெல்பியா போன்ற ஊர்களின் தொழிற்சாலைகளுக்கு இந்திய ஆட்டுத்தோல் பச்சையாகவே வேண்டியிருந்தது. அங்கே வாங்குபவர்கள் நல்ல விலை கொடுத்தார்கள். நம் பக்கத்து டேனரிக்காரர்கள் அதே விலைக்குத் தோல் வாங்கிக் கட்டுப்படியாகாமல் தவித்தார்கள்.

போர் முடிந்ததும், 1919இல், அரசு பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டது. பேரரசுக்குள் போய் அங்கேயே பதனிடப்படும் தோலுக்கு அதில் 10 சதவீதத்தைத் திருப்பித் தருவோம் என்றது. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் பதனிடும் தொழில் வளர வேண்டும் என்பது நோக்கம்.

இதைப் படத்தில் வைத்துப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு சந்தைக்கு வாரம் 100 தோல் வருகிறது. உலகச் சந்தையில் தோல் ஒன்று 100 ரூபாய். 60 தோல் கப்பல் ஏறுகிறது, 40 தோல் உள்ளூர் டேனரிக்குப் போகிறது. இப்போது ஏற்றுமதியில் தோலுக்கு 15 ரூபாய் வரி. சலுகையைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள்.

அமெரிக்காக்காரர் 100 ரூபாய்க்கு மேல் தரமாட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏற்றுமதியாளர் இங்கே 85க்கு மேல் கொடுக்க முடியாது. அவர் 85 கொடுக்கும்போது உள்ளூர் டேனரிக்காரர் மட்டும் 100 கொடுப்பாரா? அவரும் 85தான் கொடுப்பார். விலை குறைந்ததால் அவர் 40க்குப் பதில் 55 வாங்குகிறார் என்று வையுங்கள். மீதி 45 கப்பல் ஏறுகிறது. மொத்தம் அதே 100 தோல்தான், ஏனென்றால் கோடு செங்குத்து.

கணக்குப் பாருங்கள். தோல் விற்றவர்களுக்கு 100 தோலில் தலா 15 ரூபாய் குறைந்தது. மொத்தம் 1,500. அதில் 45 × 15 = 675 ரூபாய் அரசு கஜானாவுக்குப் போனது. மீதி 55 × 15 = 825 டேனரிக்காரர்கள் பக்கம் போனது. இந்த 825 முழுக்க லாபம் என்றும் சொல்ல முடியாது. கூடுதலாக வாங்கிய 15 தோலும், 100 ரூபாய்க்குக் கட்டுப்படியாகாது என்று அவர்கள் முன்பு விட்டுவைத்தவை. அந்த அளவுக்குக் கொஞ்சம் பணம் யாருக்கும் பயன்படாமல் கரைந்தது.

வரி போடப்பட்டது என்னவோ வெளிநாட்டுக்குப் போகும் தோலுக்கு. கொடுத்தவர் யார்? ஆடு மாடு வளர்த்தவர், கசாப்புக் கடைக்காரர், கிராமம் கிராமமாகப் போய்த் தோல் சேகரித்தவர். ஏற்றுமதியே ஆகாத தோலுக்கும் அவர்களுக்கு 15 ரூபாய் போயிற்று.

இப்போது மூன்றாவது கேள்வி. எதைக் கட்டிப்போட்டோம்? "அமெரிக்காக்காரர் 100க்கு மேல் தரமாட்டார்" என்ற ஒரு வரியை. அவருக்கு வேறு நாடுகளிலிருந்து தோல் கிடைக்கும் என்றால் அது சரி. இந்திய ஆட்டுத்தோலை விட்டால் வேறு வழியில்லை என்றால், வரியில் ஒரு பங்கை அவரே ஏற்றுக்கொண்டு 105, 110 கொடுப்பார், நம் ஆளுக்கு அடி குறையும். அந்தப் 10 சதவீதச் சலுகையையும் இப்படியே கேட்க வேண்டும். இங்கிலாந்துக்காரருக்கு வரி 5 ரூபாய்தான் என்பதால் அவரால் 95 வரை கொடுக்க முடியும். வருகிற தோல் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் திறன் அங்கே இருந்தால் இங்கே விலை 95ஆகத்தான் நிற்கும், நம் டேனரிக்காரருக்குக் கிடைக்கும் ஆதரவும் 5 ரூபாயாகச் சுருங்கும். திறன் இல்லையென்றால் 85க்கே இறங்கும். ஒரே சட்டம்தான், கட்டிப்போட்டது வேறாக இருந்தால் விடையும் வேறு.

உண்மையில் நடந்தது இன்னும் சுவாரசியம். வரி போட்ட கொஞ்ச நாளிலேயே, 1920-21இல், உலகம் முழுக்கப் போருக்குப் பிந்தைய மந்தம் வந்தது. எல்லா ஊரிலும் தோல் விலை சரிந்தது. அதாவது நாம் அசையாது என்று கட்டிப்போட்டிருந்த அந்த 100 ரூபாயே கீழே இறங்கிவிட்டது. சந்தையில் விலை விழுந்ததைப் பார்த்தவர்களில் வரியைக் குறை சொல்ல ஆள் இருந்தது, மந்தத்தைக் குறை சொல்லவும் ஆள் இருந்தது. விலைக் கோட்டை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. ஒரு வழி உண்டு. வரி இல்லாத நாட்டில் அதே காலத்தில் தோல் விலை எவ்வளவு விழுந்தது என்று பார்த்து, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். மிச்சம்தான் வரியின் வேலை.

இந்திய நிதி ஆணையம் 1922இல் அறிக்கை கொடுத்தபோது, உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்ற ஏற்றுமதி வரியைக் கருவியாக்குவதை ஏற்கவில்லை. மூலப்பொருள் தருபவர் தலையில்தான் அந்தச் சுமை விழும் என்பதே அதில் உள்ள சிக்கல். 1923இல் வரி 5 சதவீதமாகக் குறைந்தது.

1973: கட்டிப்போட்டதை அவிழ்த்தபோது

ஐம்பது வருடம் கழித்து அதே படம், ஒரு படி மேலே ஏறி வருகிறது. 1970களின் தொடக்கத்தில் நம் பக்கத்திலிருந்து போனது பெரும்பாலும் பாதி பதனிட்ட தோல். பட்டை போட்ட தோல், 'வெட் ப்ளூ' என்கிற குரோம் போட்ட நீலத்தோல். அதை வெளிநாட்டில் மெருகேற்றி, செருப்பும் கைப்பையும் செய்து நாலு மடங்கு விலைக்கு விற்றார்கள். மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழு 1972இல் பரிந்துரை கொடுத்தது. அதை ஒட்டிப் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாதி பதனிட்ட தோலுக்கு அளவுக் கட்டுப்பாடு வந்தது. முழுக்கப் பதனிட்ட தோலும் தோல் பொருள்களும் போகட்டும் என்பது கொள்கை.

முதல் வருடப் படத்தை வரைந்தால் 1919 மாதிரியேதான் இருக்கும். பாதி பதனிட்ட தோலுக்கான வெளிநாட்டுத் தேவைக்கு அணை போட்டாயிற்று. இடப்பக்கம் நகர்ந்த தேவைக் கோடு, கீழே இறங்கும் விலை. மெருகேற்றும் இயந்திரம் வாங்கப் பணம் இருந்த பெரிய டேனரிக்குச் சரக்கு மலிவாகக் கிடைத்தது. பாதி வேலையோடு நிறுத்திக்கொண்டு சென்னைப் பெரியமேட்டு வியாபாரிகளுக்கு விற்றுவந்த சின்ன டேனரிக்காரருக்குக் கஷ்டம். அவர்களில் பலர் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுப்பவர்களாக மாறினார்கள்.

அந்தப் படத்தில் கட்டிப்போட்டது எது? உள்நாட்டில் மெருகேற்றும் திறன். அதைக் கட்டிப்போட்டுப் பார்த்தால் விலை இறங்கி அங்கேயே நிற்கும். ஆனால் அந்தக் கொள்கையின் நோக்கமே அந்தத் திறனை வளர்ப்பதுதான். வருடங்கள் போகப் போகப் புது இயந்திரங்கள் வந்தன, சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் படித்தவர்கள் வந்தார்கள், ஆம்பூரைச் சுற்றி ஷூ கம்பெனிகள் வந்தன. உள்நாட்டுத் தேவைக் கோடு வலப்பக்கம் நகர்ந்தது. நம் வட்டாரத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் காலையில் கம்பெனி வண்டி ஏறுவது அந்த நகர்வின் பலன்.

1973 நல்லதா கெட்டதா என்று கேட்பவருக்கு என் பதில், எந்த வருடத்துப் படத்தைக் கேட்கிறீர்கள் என்பதுதான். முதல் வருடப் படத்தில் அடி வாங்கியவர் பத்தாவது வருடப் படத்தில் இருந்திருக்கவே மாட்டார். பத்தாவது வருடத்தை மட்டும் காட்டுபவர் அவரை மறைத்துவிடுகிறார். முதல் வருடத்தை மட்டும் காட்டுபவர் ஷூ கம்பெனியை மறைத்துவிடுகிறார்.

அளவுகோல் நகர்ந்தால்

நடுவில் ஒரு சின்ன எச்சரிக்கை. சில சமயம் பொருள் நகராது, அளக்கும் கோல் நகரும். 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பை அரசு குறைத்தது. அந்த நிதியாண்டில் இந்தியாவின் மொத்த ஏற்றுமதி ரூபாயில் பார்த்தால் சுமார் 32,500 கோடியிலிருந்து 44,000 கோடிக்கு ஏறியது. டாலரில் பார்த்தால் 18.1 பில்லியனிலிருந்து 17.9 பில்லியனுக்கு இறங்கியது. ஒரே ஏற்றுமதிதான், ஒரு படம் மலை ஏறுகிறது, இன்னொன்று லேசாகச் சரிகிறது. தோல் ஏற்றுமதி உயர்ந்தது என்று ஒரு கோட்டைக் காட்டினால், ரூபாயா, டாலரா, சதுர அடியா என்று ஓரத்தில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்.

1996: படத்துக்கு வெளியே ஓடிய ஆறு

இப்போது மிகப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் போட்ட எல்லாப் படத்திலும் ஒன்றைச் சொல்லாமலே கட்டிப்போட்டிருந்தோம். பாலாறு.

ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர் ஆகும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. உள்ளே போன தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் குரோமியமும் கலந்து வெளியே வரும். தோல் அழுகாமலிருக்கப் போட்ட உப்பில் பெரும்பகுதி முதல் ஊறலிலேயே தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீர் ஆற்றிலும் ஏரியிலும் போய்ச் சேர்ந்தது. டேனரியின் செலவுக் கணக்கில் தோல் விலை, கூலி, சுண்ணாம்பு, குரோம், கரண்டு எல்லாம் இருந்தன. கழிவுநீருக்கு மட்டும் பைசா இல்லை. அந்தச் செலவை வேறொருவர் கொடுத்தார். கிணற்றுத் தண்ணீர் உப்பாகித் தென்னை காய்ந்த விவசாயி கொடுத்தார், குடத்தோடு பக்கத்து ஊருக்கு நடந்த பெண் கொடுத்தார். வட ஆற்காடு வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிரிட லாயக்கற்றுப் போனதாக அந்த வழக்கில் சொல்லப்பட்டது.

இப்படி வெளியே விழும் செலவைப் பற்றி பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1920இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். படத்தில் அதை இரண்டு அளிப்புக் கோடாக வரைவார்கள். கீழே இருப்பது தொழிலதிபர் கொடுக்கும் செலவு, மேலே இருப்பது ஊர் முழுக்கக் கொடுக்கும் செலவு. நடுவில் உள்ள இடைவெளிதான் நம் பாலாறு.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஐந்து மாவட்டங்களில் இருந்த டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிட ஒரு ஆணையம் அமைக்கச் சொன்னது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத டேனரியை ஓடவிடக் கூடாது என்றது.

மூன்று கேள்வி கேளுங்கள். எது நகர்ந்தது? டேனரிக்காரரின் அளிப்புக் கோடு, மேலே இருக்கும் கோட்டை நோக்கி. ஏன்? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு முதலும் மாதாமாதம் கட்டணமும் கட்ட வேண்டியதாயிற்று. பின்னாளில் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற விதி வந்தபோது, உப்பைப் பிரிக்கும் இயந்திரமும் அதற்கான மின்சாரமும் சேர்ந்துகொள்ள, கோடு இன்னும் மேலே போனது. கிருமிகளை வைத்துச் சுத்தம் செய்யும் சாதாரண நிலையத்தால் நாற்றத்தைக் குறைக்க முடியும், கரைந்த உப்பை எடுக்க முடியாது. அதனால்தான் இரண்டாவது செலவு.

எது அசையவில்லை? உலக விலை. இத்தாலியில் வாங்குபவர், "உங்கள் ஆற்றுக்காக நான் அதிகம் தருகிறேன்" என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே வேறு நாட்டுத் தோல் கிடைக்கிறது. ஆகவே கூடிய செலவை விலையில் ஏற்ற முடியவில்லை. லாபத்திலும், பச்சைத் தோலுக்குக் கொடுக்கும் விலையிலும், தொழிலாளியின் வேலையிலும் அது இறங்கியது. பெரிய டேனரி செலவைப் பல லட்சம் சதுர அடிக்குப் பங்கிட்டுக்கொண்டது. சின்னவர் சிலர் பூட்டினார்கள்.

"தீர்ப்பு தொழிலைக் கெடுத்தது" என்று சொல்பவர் கீழ்க் கோட்டிலிருந்து அளக்கிறார். அந்தக் கோடு விவசாயியின் பணத்தில் வரையப்பட்டது என்பதை அவர் சொல்வதில்லை. "தீர்ப்பால் எல்லாம் சரியாகிவிட்டது" என்பவர் இன்னொன்றைக் கட்டிப்போடுகிறார். தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த சகதியும் உப்பும் எங்கே போகும் என்ற கேள்வியை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சகதி பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். ஆற்றுக்குப் போகாத கழிவு வேறு எங்கேயோ சேர்ந்துகொண்டேதான் இருந்தது.

2025இன் படம்

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டபோது ஆம்பூர் பற்றிச் செய்திகள் வந்தன. 1919ஐத் திருப்பிப் போட்ட படம் அது. 1919இல் வரி போட்டவர் விற்கும் நாடு, 2025இல் வாங்கும் நாடு. இதையும் அந்தக் கேள்விகளோடு பாருங்கள். எல்லா நாட்டுக்கும் ஒரே வரி என்றால் அமெரிக்காவில் ஷூ வாங்குபவர் பெரும்பங்கைக் கொடுப்பார். அந்த நேரத்தில் வியட்நாமுக்கு 20 சதவீதம், நமக்கு 50. வாங்குபவர் நகர்ந்து போக இடம் இருக்கும்போது, நகர முடியாதவர் கொடுப்பார். இங்கே நகர முடியாதவர் கம்பெனி வண்டியில் ஏறும் அந்தப் பெண்.

வீட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் இருந்தால் ஒரு வேலை கொடுங்கள். புத்தகத்தில் இருக்கும் படத்தின் கீழே, "இதில் அசையாமல் வைத்திருப்பவை" என்று தலைப்பிட்டு நாலு வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் அவிழ்த்துவிட்டு, புள்ளி எங்கே போகும் என்று கேளுங்கள்.

எழுபதுகளில் தோல் மண்டியில் கணக்கு எழுதிய பெரியவர்கள் நம் நட்பு வட்டத்தில் சிலர் இருக்கிறீர்கள். அந்தக் கட்டுப்பாடு வந்த வருடம் ஆட்டுத்தோல் என்ன விலைக்குப் போனது, அடுத்த சில வருடத்தில் என்ன ஆனது என்று நினைவில் இருப்பதை எழுதுங்கள். நான் படத்தில் போட்டுப் பார்க்கிறேன்.